சரிபாதியாகும் மின்னூட்டம்

ஒரே அளவுள்ள இரண்டு உலோகக் கோளங்களுக்கு வெவ்வேறு அளவில் மின்னூட்டம் தந்து, அவற்றை ஒன்றோடொன்று தொடவைத்துப் பிரித்தால், பிரிந்தபின் இரண்டிலும் ஒரே அளவு மின்னூட்டம் இருக்கும். தொடுவதற்கு முன் இருந்த இரண்டையும் குறியோடு கூட்டி இரண்டால் வகுத்தால் அந்த அளவு கிடைக்கும். பிளஸ் டூ இயற்பியல் படித்தவர்கள் இதை (Q1 + Q2) / 2 என்ற சூத்திரமாக நினைவில் வைத்திருப்பார்கள். சூத்திரம் எளிது. அது ஏன் உண்மையாகிறது, எந்த இடத்தில் பொய்த்துப்போகிறது என்பதை அறிய, ஒரு குறிப்பிட்ட சோடியை எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் முடிவு வரை அதன் பின்னாலேயே போவது நல்லது.

அலுமினியத்தால் ஆன இரண்டு திண்மக் கோளங்கள். ஒவ்வொன்றின் ஆரமும் 2 சென்டிமீட்டர். ஏறத்தாழ ஒரு சிறிய எலுமிச்சம்பழ அளவு. இரண்டும் மின்சாரம் கடத்தாத அக்ரிலிக் தண்டுகளின் மேல் நிற்கின்றன. ஒன்றை ‘அ’ என்றும் மற்றதை ‘ஆ’ என்றும் அழைக்கலாம். அ கோளத்தில் +8 நானோகூலூம் மின்னூட்டம். ஆ கோளத்தில் −2 நானோகூலூம். நானோகூலூம் என்பது ஒரு கூலூமின் நூறு கோடியில் ஒரு பங்கு. பள்ளி ஆய்வகத்தில் தேய்த்து உண்டாக்கக்கூடிய மின்னூட்டம் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். இரண்டையும் கூட்டினால் +6. ஆகவே தொட்டுப் பிரிந்தபின் ஒவ்வொன்றிலும் +3 நானோகூலூம் இருக்க வேண்டும். முன்பு எதிர்மின்னூட்டம் கொண்டிருந்த ஆ கோளம் இப்போது நேர்மின்னூட்டம் கொண்டதாகிவிடுகிறது. தொடக்கத்தில் +5, −5 என்று இருந்திருந்தால் பிரிந்தபின் இரண்டிலும் எதுவும் மிஞ்சாது.

இந்தக் கணக்கைப் படிக்கும் மாணவர்கள் பலர் மனத்தில் ஒரு தவறான காட்சி உருவாகிறது. +8இல் இரண்டு பங்கு முதலில் ஆ கோளத்துக்குப் போய் −2ஐ அழிக்கிறது, பிறகு மிச்சமான ஆறு பங்கும் இரண்டாகப் பிரிகிறது என்று அவர்கள் கற்பனை செய்கிறார்கள். விடை சரியாக வரும், நடப்பது அதுவல்ல. உலோகத்தில் நேர்மின்னூட்டம் நகர்வதே இல்லை. அணுக்கருக்கள் அவற்றின் இடத்திலேயே இருக்க, எலக்ட்ரான்கள் மட்டுமே இடம்பெயர்கின்றன. அ கோளம் +8 என்றால் அதில் அந்த அளவுக்கு எலக்ட்ரான் குறைவு. ஆ கோளம் −2 என்றால் அதில் அந்த அளவுக்கு எலக்ட்ரான் மிகுதி. தொடும்போது ஆ கோளத்திலிருந்து அ கோளத்துக்கு 5 நானோகூலூம் அளவு எலக்ட்ரான்கள் ஒரே ஓட்டமாகப் போகின்றன. அ கோளத்தின் குறை எட்டிலிருந்து மூன்றாகச் சுருங்குகிறது. ஆ கோளம் தன் மிகுதியான இரண்டையும் இழந்து, அதற்கு மேலும் மூன்றை இழக்கிறது. முதலில் அழிப்பு, பிறகு பங்கீடு என்ற இரண்டு கட்டங்கள் அங்கே இல்லை.

ஒரு எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.602 × 10⁻¹⁹ கூலூம். அதன்படி 5 நானோகூலூம் என்பது ஏறத்தாழ 3,120 கோடி எலக்ட்ரான்கள். கேட்பதற்குப் பெரிய கூட்டம்தான். ஆனால் ஒரு கோளத்தின் எடை சுமார் 90 கிராம்; அதில் உள்ள அலுமினிய அணுக்கள் ஒவ்வொன்றும் மூன்று எலக்ட்ரான்களை உலோகம் முழுக்க உலவ விட்டிருக்கின்றன. அந்தக் கட்டற்ற எலக்ட்ரான்களோடு ஒப்பிட்டால், இடம்பெயர்ந்தது ஏறத்தாழ 200 லட்சம் கோடியில் ஒன்று மட்டுமே. மின்னூட்டம் பெற்ற உலோகம் என்று சொல்லும்போது, சமநிலையிலிருந்து இவ்வளவு நுண்ணிய விலகலைத்தான் சொல்கிறோம்.

எலக்ட்ரான்களை ஓடவைப்பது மின்னழுத்த வேறுபாடு. ஒரு குழாயால் இணைத்த இரண்டு பாத்திரங்களில் நீர்மட்டம் சமமாகும்வரை நீர் ஓடுவதுபோல, இணைந்த இரு கடத்திகளில் மின்னழுத்தம் சமமாகும்வரை மின்னூட்டம் ஓடும். தனியே நிற்கும் ஒரு கோளத்தின் மின்னழுத்தம் அதன் மின்னூட்டத்தையும் ஆரத்தையும் மட்டும் பொறுத்தது. 2 சென்டிமீட்டர் ஆரமுள்ள கோளத்தில் ஒவ்வொரு நானோகூலூமும் ஏறத்தாழ 450 வோல்ட்டைத் தரும். ஆகவே அ கோளம் சுமார் +3,600 வோல்ட்டிலும் ஆ கோளம் சுமார் −900 வோல்ட்டிலும் இருக்கின்றன. இடையே 4,500 வோல்ட் வேறுபாடு. தொட்டவுடன் இரண்டும் ஒரே கடத்தியாகிவிடுகின்றன. ஒரே கடத்திக்கு ஒரே மின்னழுத்தம்தான் இருக்க முடியும். அந்த நிலை வரும்வரை எலக்ட்ரான்கள் ஓடுகின்றன. அதற்கு ஆகும் நேரம் நம் கணக்கில் நேரமே அல்ல. கோளங்களைத் தொட்டபடி வைத்திருப்பதால் பங்கீடு மேலும் சரியாகிவிடும் என்று நினைக்கத் தேவையில்லை.

மின்னழுத்தம் சமமாகும் என்பது எல்லாக் கடத்திகளுக்கும் பொருந்தும். அது மட்டுமே மின்னூட்டத்தைச் சரிபாதியாக்கிவிடாது. பாதி என்ற விடை வேறு ஓரிடத்திலிருந்து வருகிறது: இரு கோளங்களும் ஒன்றுபோலிருப்பது. தொட்டுக்கொண்டிருக்கும் கோளங்களுக்கு நடுவே, தொடுபுள்ளி வழியாக ஒரு கற்பனைக் கண்ணாடியை நிறுத்தினால், ஒரு பக்கம் மறுபக்கத்தின் பிம்பமாகவே இருக்கும். மொத்தமாக இவ்வளவு மின்னூட்டம் என்று தீர்மானித்துவிட்டால், அது கடத்தியின் மேல் பரவி அமைதியடைய ஒரே ஒரு வழிதான் உண்டு. இது நிலைமின்னியலில் நிறுவப்பட்ட தேற்றம். இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட அதிகம் பெற்றதாக வைத்துக்கொண்டால், கண்ணாடிப் பிம்பமும் அதே அளவு முறையான இரண்டாவது விடையாகிவிடும். இரண்டு விடை இருக்க முடியாது என்பதால் இரு பக்கமும் சமமாக இருந்தே தீர வேண்டும். எந்தக் கோளத்தில் முதலில் எவ்வளவு இருந்தது என்ற வரலாறு இந்த வாதத்தில் எங்குமே நுழையவில்லை. +8, −2 என்று தொடங்கினாலும், +6, 0 என்று தொடங்கினாலும் முடிவு ஒன்றாக இருப்பதற்கு இதுவே காரணம்.

சரிபாதி என்பதை, கோளத்தின் மேல் எங்கும் சீராகப் பரவியிருப்பது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தொட்டிருக்கும் நிலையில் மின்னூட்டம் மிகவும் சீரற்றே பரவியிருக்கிறது. தொடுபுள்ளியிலும் அதைச் சுற்றியுள்ள குறுகிய இடுக்கிலும் கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது. ஒன்றையொன்று விலக்கும் மின்னூட்டங்கள் இரு கோளங்களின் வெளிப்புறக் கோடிகளை நோக்கி ஒதுங்கியிருக்கும். பிரித்துத் தொலைவில் நிறுத்திய பிறகுதான் ஒவ்வொரு கோளத்திலும் அது சீராகப் படர்கிறது. தொட்டிருக்கும்போது இந்தச் சோடியின் மின்னழுத்தம் சுமார் 1,950 வோல்ட். பிரித்து வெகுதூரம் கொண்டுபோனபின் ஒவ்வொன்றும் சுமார் 1,350 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. மின்னூட்டம் எங்கும் கசியவில்லை. பக்கத்தில் இருந்த மற்றொரு +3 நானோகூலூம் விலகிப்போனதால் மின்னழுத்தம் குறைந்தது, அவ்வளவுதான்.

மின்னூட்டம் மேற்பரப்பில் மட்டுமே தங்குவதால், கோளம் திண்மமா உள்ளீடற்றதா என்பது பொருட்டல்ல. எந்தப் பொருளால் ஆனது என்பதும் நடைமுறையில் பொருட்டல்ல. இதை 1780களிலேயே சோதித்துச் சொன்னவர் பிரெஞ்சு இராணுவப் பொறியாளரான சார்லஸ் அகஸ்டின் கூலூம். மின்னூட்டம் பொருள்களுக்கிடையே பங்கிடப்படுவது அவற்றின் வேதித்தன்மையைப் பொறுத்ததல்ல, வடிவத்தையும் அளவையும் பொறுத்தது என்று அவர் பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு அளித்த கட்டுரையில் காட்டினார். நெட்டிப் பந்தும் அதே அளவுள்ள செம்புப் பந்தும் தொட்டுக்கொண்டால் ஆளுக்குப் பாதியே எடுத்துக்கொள்கின்றன. நெட்டி நல்ல கடத்தி அல்ல. ஆனாலும் இந்த அளவு மின்னூட்டத்தைப் பரவவிடும் அளவுக்குக் கடத்தும். இன்றைய துல்லியத்தோடு பார்த்தால், இரு வேறு உலோகங்கள் தொடும்போது அவற்றுக்கிடையே இயல்பாகவே சிறு மின்னழுத்த வேறுபாடு உண்டு. அது ஒரு வோல்ட் அளவுக்குள் அடங்கிவிடும். ஆயிரக்கணக்கான வோல்ட் புழங்கும் இந்தச் சோதனையில் அதைக் கண்டுபிடிப்பதே கடினம்.

கூலூமுக்கு இந்தப் பங்கீடு வெறும் ஆய்வுப் பொருளாக மட்டும் இருக்கவில்லை. அவருடைய கருவியே அதன் மேல்தான் நின்றது. 1785இல் அவர் விவரித்த முறுக்குத் தராசில், மெல்லிய வெள்ளிக் கம்பியில் தொங்கும் ஊசியின் முனையில் ஒரு சிறு நெட்டிப் பந்து. அதைத் தொட்டபடி அதே அளவுள்ள இன்னொரு நிலையான பந்து. மின்னூட்டம் கொண்ட ஒரு குண்டூசித் தலையால் தொட்டால், இரு பந்துகளும் அதைப் பகிர்ந்துகொண்டு உடனே ஒன்றையொன்று விலக்கும். ஒவ்வொன்றிலும் எத்தனை அலகு மின்னூட்டம் இருக்கிறது என்று அளக்க அன்று எந்த வழியும் இல்லை; கூலூம் என்ற அலகே பின்னால் வந்தது. ஆனால் பந்துகள் ஒன்றுபோலிருப்பதால் இரண்டிலும் சம அளவு இருக்கிறது என்பது மட்டும் உறுதி. அந்த உறுதியை வைத்துக்கொண்டு அவர் தூரத்தை மாற்றினார். பந்துகள் 36 பாகை விலகி நிற்கக் கம்பியில் 36 பாகை முறுக்கு. 18 பாகைக்கு நெருக்க மொத்தம் 144 பாகை முறுக்கு. எட்டரைப் பாகைக்கு நெருக்க 575½ பாகை. தூரம் பாதியானால் விசை நான்கு மடங்காகும் என்ற விதி அந்த மூன்று எண்களிலிருந்து எழுந்தது. மின்னூட்டத்தை அளக்க முடியாத காலத்தில், அதைப் பாதியாக, பாதியில் பாதியாகத் துல்லியமாக வெட்டித்தரக்கூடிய ஒரே கத்தரிக்கோல் இந்த ஒத்த கோளங்கள்தான். மின்னூட்டமற்ற ஒரு ஒத்த கோளத்தைத் தொட்டு எடுத்தால் 8 என்பது 4 ஆகும். தொட்ட கோளத்தைத் தரையோடு இணைத்து வெறுமையாக்கி மீண்டும் தொட்டால் 2 ஆகும்.

நம் சோடிக்குத் திரும்பினால், தொடுவதற்கு முன்னும் பின்னும் விசை மாறுவதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மையங்களுக்கிடையே 30 சென்டிமீட்டர் இருக்கும்போது, +8உம் −2உம் ஏறத்தாழ 1.6 மைக்ரோநியூட்டன் விசையோடு ஒன்றையொன்று ஈர்க்கின்றன. ஒரு மில்லிகிராம் எடையில் ஆறில் ஒரு பங்கு அளவு விசை அது. தொட்டுப் பிரித்து அதே தூரத்தில் வைத்தால் +3உம் +3உம் ஏறத்தாழ 0.9 மைக்ரோநியூட்டன் விசையோடு விலக்கும். ஈர்ப்பு விலக்காக மாறியது. அளவு 16க்கு 9 என்று குறைந்தது. இதைப் பின்னோக்கியும் படிக்கலாம். முதல் விசையிலிருந்து இரு மின்னூட்டங்களின் பெருக்கல் பலன் −16 என்று தெரிகிறது. இரண்டாவது விசையிலிருந்து ஒவ்வொன்றும் 3, அதாவது கூட்டுத்தொகை 6 என்று தெரிகிறது. பெருக்கினால் −16, கூட்டினால் 6 வரும் எண்கள் 8உம் −2உம். ஆனால் −8உம் +2உம் இதே விசைகளைத்தான் தரும். விசையை மட்டும் அளந்து குறியைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குக் குறி தெரிந்த மூன்றாவது மின்னூட்டம் ஒன்று வேண்டும்.

தொடக்கத்தில் இரண்டும் ஒரே குறியாக, +8, +2 என்று இருந்தால் கதை வேறு. தொடும் முன் பெருக்கல் பலன் 16. தொட்டபின் 5 பெருக்கல் 5, அதாவது 25. சமமாகப் பகிர்ந்ததால் விலக்கு விசை கூடிவிட்டது. கூட்டுத்தொகை மாறாத இரண்டு எண்களின் பெருக்கல் பலன், அவை சமமாக இருக்கும்போதுதான் உச்சத்தில் இருக்கும். எனவே ஒரே குறி கொண்ட சோடி தொட்டுப் பிரிந்தபின், அதே தூரத்தில், முன்பைவிடக் குறைவாக விலக்கவே முடியாது.

இதில் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் ஒரு நுட்பம் இருக்கிறது. +8, +2 கோளங்களைத் தொலைவிலிருந்து நெருக்கிக்கொண்டே வந்தால், தொடக்கத்தில் அவை விலக்கும். மேற்பரப்புகள் மிக அருகே வந்ததும் ஈர்க்கத் தொடங்கும். ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்ற விதி இங்கே மீறப்படவில்லை. அதிக மின்னூட்டம் கொண்ட கோளம், மற்றதன் அருகிலுள்ள பக்கத்தில் எதிர் மின்னூட்டத்தைத் தூண்டி இழுத்துவைக்கிறது. இடைவெளி சுருங்கச் சுருங்க அந்தத் தூண்டலின் ஈர்ப்பு மேலோங்குகிறது. கடத்தும் கோளங்களுக்கிடையேயான இத்தகைய விசைகளை 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே கெல்வின் பிரபு கணக்கிட்டார். நியூசிலாந்தின் ஜான் லெக்னர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதை முழுமையாகத் தெளிவாக்கியது: ஒரே குறி கொண்ட இரு கடத்தும் கோளங்கள் போதிய அளவு நெருங்கினால் எப்போதும் ஈர்க்கும், அவற்றின் மின்னூட்ட விகிதம், தொட்டுப் பகிர்ந்தால் வரும் விகிதமாக இருந்தால் மட்டும் எந்தத் தூரத்திலும் விலக்கும். ஒத்த கோளங்களுக்கு அந்த விகிதம் ஒன்றுக்கு ஒன்று. சமமற்ற மின்னூட்டம் கொண்டவை கிட்ட வந்ததும் ஒன்றையொன்று இழுத்துத் தொட்டுக்கொள்கின்றன. சமமானதும் அந்த இழுப்பு முற்றாக மறைந்துவிடுகிறது.

தொடுவது என்ற சொல்லும் முழுத் துல்லியமானதல்ல. உலோகம் உலோகத்தைத் தொடும் முன்னரே, ஒரு மில்லிமீட்டரில் சிறு பின்னமான இடைவெளியில், காற்று முறிந்து ஒரு நுண்பொறி பாய்ந்துவிடுகிறது. மின்னூட்டத்தின் பெரும்பகுதி அந்தப் பொறி வழியாகவே கடக்கிறது. மிச்சத்தை உலோகத் தொடர்பு முடித்துவைக்கிறது. பொறி பாய்கிறது என்றால் ஆற்றல் செலவாகிறது என்று பொருள். தொலைவில் நிற்கும்போது இரு கோளங்களிலும் சேர்ந்து ஏறத்தாழ 15.3 மைக்ரோஜூல் மின்னாற்றல் இருந்தது. பிரித்துத் தொலைவில் நிறுத்தியபின் 4 மைக்ரோஜூல்தான் இருக்கிறது. மின்னூட்டத்தின் மொத்தம் சிறிதும் குறையவில்லை. ஆற்றல் மட்டும் 11 மைக்ரோஜூலுக்கு மேல் குறைந்துவிட்டது.

அந்த 11 மைக்ரோஜூலும் பொறியாகிவிட்டது என்று எழுதிவிடுவது எளிது. கணக்குப் பார்த்தால் அப்படி இல்லை. எதிர்க்குறி கொண்ட கோளங்கள் நெருங்கும்போது ஒன்றையொன்று இழுப்பதால், அவற்றைப் பிடித்திருக்கும் கைகளின் மேல் அவை வேலை செய்கின்றன; இதில் சுமார் 6 மைக்ரோஜூல் போகிறது. பகிர்ந்தபின் ஒரே குறியாகி விலக்கும்போதும் கைகளைத் தள்ளுகின்றன. அதில் 2 மைக்ரோஜூலுக்குச் சற்றுக் குறைவு. ஒளி, வெப்பம், ஒலி, வானொலி அலை என்று பொறியில் சிதறுவது ஏறத்தாழ 3 மைக்ரோஜூல் மட்டுமே. மின்னூட்டம் காக்கப்படும், மின்னாற்றல் காக்கப்படாது என்ற இந்த வேறுபாட்டைத் தவறவிட்டவர்கள், ஆற்றலையும் சரிபாதியாகப் பிரித்து ஒவ்வொரு கோளத்துக்கும் 7.6 மைக்ரோஜூல் என்று எழுதிவிடுவதுண்டு. உண்மையில் ஒவ்வொன்றுக்கும் 2 மைக்ரோஜூல்தான் மிஞ்சுகிறது.

இதுவரை சொன்ன எல்லாமே கோளங்கள் ஒத்தவை என்பதை நம்பியிருக்கிறது. ஒன்றின் ஆரம் இரு மடங்கானால்? பல வழிகாட்டி நூல்கள் தயங்காமல் விடை தருகின்றன: மின்னூட்டம் ஆரத்தின் விகிதத்தில், அதாவது 2க்கு 1 என்று பிரியும். மின்னழுத்தம் சமம், தனிக் கோளத்தின் மின்னழுத்தம் மின்னூட்டத்தை ஆரத்தால் வகுத்தது, ஆகவே மின்னூட்டம் ஆரத்துக்கு நேர்விகிதம் என்பது வாதம். இதில் ‘தனிக் கோளத்தின்’ என்ற சொல்லில்தான் பிழை ஒளிந்திருக்கிறது. இரண்டையும் வெகுதூரத்தில் நிறுத்தி ஒரு நீண்ட மெல்லிய கம்பியால் இணைத்தால் 2க்கு 1 சரி. நேரடியாகத் தொடவைத்தால், ஒவ்வொன்றின் மின்னூட்டமும் மற்றதன் மின்னழுத்தத்தைப் பாதிக்கிறது. சிறிய கோளம் பெரியதன் மறைவில் கிடப்பதால் அதற்குக் கிடைப்பது மேலும் குறைகிறது. தொடும் கோளங்களின் கணக்கைத் தீர்த்தவர் பிரெஞ்சுக் கணிதர் சிமியோன் பாய்சான். அந்த முறைப்படி, ஆர விகிதம் 2க்கு 1 என்றால் மின்னூட்ட விகிதம் ஏறத்தாழ 3.45க்கு 1. மொத்தம் 6 நானோகூலூமைக் கம்பிவழி பகிர்ந்தால் பெரியதற்கு 4, சிறியதற்கு 2. தொட்டுப் பகிர்ந்தால் பெரியதற்கு 4.65, சிறியதற்கு 1.35. சிறியது மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. புறக்கணிக்கத்தக்க திருத்தம் அல்ல இது. ஒத்த கோளங்களுக்கு மட்டும் இரு முறைகளும் ஒரே விடையைத் தருகின்றன, ஏனெனில் கண்ணாடிப் பிம்ப வாதம் தூரத்தைக் கேட்பதே இல்லை.

அதே வாதம், மூன்று கோளங்கள் வந்தாலும் வழிகாட்டும். மூன்று ஒத்த கோளங்களை முக்கோணமாக, ஒவ்வொன்றும் மற்ற இரண்டையும் தொடும்படி வைத்தால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. ஒரே வரிசையில் வைத்தால் அப்படி ஆகாது. நடுக்கோளத்தின் நிலை ஓரக் கோளங்களின் நிலைக்கு ஒத்ததல்ல. ஓரங்கள் இரண்டும் தமக்குள் சமமாக இருக்க, நடுவில் இருப்பது குறைவாகப் பெறும். நுழைவுத்தேர்வுகளில் அடிக்கடி வரும் கேள்வி வேறு வகை: சம மின்னூட்டம் கொண்ட இரு கோளங்கள் F என்ற விசையோடு விலக்குகின்றன, மின்னூட்டமற்ற மூன்றாவது ஒத்த கோளம் முதலாவதைத் தொட்டு, பிறகு இரண்டாவதைத் தொட்டு விலகுகிறது, இப்போது விசை என்ன? முதல் தொடலில் முதலாவதுக்கு ½ மிஞ்சுகிறது, மூன்றாவதும் ½ எடுத்துக்கொள்கிறது. அந்த ½ஐ சுமந்துகொண்டு போய், முழுதாக 1 வைத்திருக்கும் இரண்டாவதைத் தொடும்போது ஒன்றரை இரண்டாகப் பிரிந்து ஆளுக்கு ¾. எனவே விசை ½ பெருக்கல் ¾, அதாவது 3F/8. தொடும் வரிசை மாறினால் எது ½, எது ¾ என்பது மாறும். இரண்டே கோளங்களில் வரலாறு அழிந்துபோகிறது. மூன்றாவது ஒன்று இடையில் போய்வந்தால் வரிசை நினைவில் நிற்கிறது.

கோட்பாட்டின் கடைசி வரம்பு மிகச் சிறிய அளவில் இருக்கிறது. இடம்பெயரும் எலக்ட்ரான்கள் முழு எண்ணிக்கையில்தான் போக முடியும். அதோடு, அறை வெப்பநிலையில் எலக்ட்ரான்களின் ஓயாத வெப்ப அலைவால், பிரியும் கணத்தில் ஒரு பக்கம் சில நூறு எலக்ட்ரான்கள் கூடவோ குறையவோ அகப்படும். 3,120 கோடிக்கு முன் இது எந்த மின்னூட்டமானியிலும் தெரியாது.

ஆய்வகத்தில் தெரியும் பிழைகள் இவற்றைவிடப் பன்மடங்கு பெரியவை. அவற்றைப் பிடிக்க, மின்னூட்டத்தை அளக்கும் முறை நம்பகமாக இருக்க வேண்டும். 1843இல் மைக்கேல் ஃபாரடே ஓர் ஐஸ் வாளியைக் கொண்டு காட்டிய வழியே இன்றும் சிறந்தது: மின்காப்பு செய்த ஆழமான உலோகப் பாத்திரத்துக்குள், சுவரைத் தொடாமல் கோளத்தை இறக்கினால், கோளத்தில் உள்ள அதே அளவு மின்னூட்டம் பாத்திரத்தின் வெளிப்புறத்தில் தோன்றும். பாத்திரத்தோடு இணைத்த மின்னூட்டமானி அதை அப்படியே காட்டும். கோளமும் எதையும் இழக்காது. அ கோளத்தை இறக்கி +8 என்றும் ஆ கோளத்தை இறக்கி −2 என்றும் குறித்துக்கொண்டு, தொட்டுப் பிரித்து, மீண்டும் ஒவ்வொன்றாக இறக்கிப் பார்க்க வேண்டும்.

பிரித்தபின் 2.7உம் 2.7உம் கிடைத்தால் பங்கீடு சரியாகவே நடந்திருக்கிறது. மொத்தம் 6க்குப் பதில் 5.4 ஆனது கசிவால். தண்டின் மேல் படிந்த ஈரமும் விரல்ரேகையின் உப்பும் அந்த மின்னூட்டத்தைத் தரைக்கு இறக்கிவிட்டிருக்கும். ஈரக்காற்று வீசும் கடலோர ஊர்களில் இந்தச் சோதனை மழைநாளில் படுத்துவதற்கு இதுவே காரணம். தண்டை ஆல்கஹாலால் துடைத்து, வெதுவெதுப்பான காற்றில் உலர்த்தினால் நிலைமை சீராகும். கூலூமும் இந்தக் கசிவோடு போராடினார். தாங்கிகளுக்கு அரக்குப் பூசினார், கசிவின் வேகம் மிச்சமிருக்கும் மின்னூட்டத்துக்கு விகிதசமமாக இருக்கிறது என்று தனிக் கட்டுரையில் பதிவுசெய்து தன் அளவீடுகளைத் திருத்திக்கொண்டார்.

மாறாக 3.4உம் 2.6உம் கிடைத்தால், மொத்தம் 6 அப்படியே இருக்கிறது, சமச்சீர்தான் உடைந்திருக்கிறது. கோளங்களின் அளவு சற்று வேறுபடலாம். பெரும்பாலும் காரணம் அருகில் இருக்கும் வேறொரு பொருள்: தேய்த்த பிளாஸ்டிக் தண்டு, கம்பளிச் சட்டை அணிந்த ஒருவரின் கை, ஒரு பக்கத்தில் மட்டும் நிற்கும் தரையிணைந்த இரும்பு அலமாரி. அவை ஒரு கோளத்துக்கு மட்டும் அருகே இருந்தால் கண்ணாடிப் பிம்பம் குலைகிறது. மின்னூட்டமே இல்லாத இரு கோளங்களைத் தொடவைத்து, ஒரு பக்கம் மின்னூட்டம் பெற்ற தண்டைக் காட்டியபடி பிரித்தால் ஒன்று நேராகவும் மற்றது அதே அளவு எதிராகவும் வெளிவருவது இந்தக் குலைவின் உச்சம். தூண்டல் முறையில் மின்னேற்றுவது அதைத்தான் வேண்டுமென்றே பயன்படுத்துகிறது. பிழை அருகிலுள்ள பொருளாலா, கோளத்தின் அளவாலா என்று அறிய, இரு கோளங்களின் இடத்தையும் மாற்றி மீண்டும் செய்து பார்த்தால் போதும். கூடுதல் பங்கு அதே இடத்திலேயே விழுந்தால் காரணம் அறையில் இருக்கிறது. கோளத்தோடு கூடவே இடம்மாறினால் காரணம் கோளத்தில் இருக்கிறது.